மறுபரிசோதனைக்கு வராதவருக்கு எழுதும் தொடர் கடிதம்: கருப்பைவாய்ச் சோதனையை முன்வைத்து

நோய் அறிகுறி எதுவும் இல்லாதவர்களுக்கு, நோயை முன்கூட்டியே அறிவதற்காகச் செய்யப்படும் சோதனை கண்டறிதல் சோதனை எனப்படும். அதில் ஏதேனும் மாற்றம் தெரிந்தால், உறுதிசெய்யும் மறுபரிசோதனைக்கு வரும்படி ஒரு தேதி கொடுக்கப்படுகிறது. அந்தத் தேதியில் வராதவருக்கு மருத்துவமனை எழுதும் கடிதமே தொடர் கடிதம். இக்கட்டுரை, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான சோதனையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அக்கடிதம் ஏன் தேவைப்படுகிறது, எப்போது எழுதப்பட வேண்டும், அதில் என்ன இருக்க வேண்டும், எங்கே அது பயனற்றுப் போகிறது என்பவற்றை விளக்குகிறது. மதுரை வில்லாபுரத்தில் வசிக்கும் ஒரு பெண்ணுக்கு எழுதப்படுவதாகக் கற்பனை செய்த மாதிரிக் கடிதம் ஒன்றும் தரப்பட்டுள்ளது.

சோதனையும் அதன் முடிவும்

இந்தியாவில் கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே அறியப் பரவலாகப் பயன்படுவது அசிட்டிக் அமிலப் பார்வைச் சோதனை. சுருக்கமாக இதை விஐஏ என்பர். வினிகரில் இருப்பதும் அசிட்டிக் அமிலமே. 3 முதல் 5 விழுக்காடு வரை நீர்த்த அமிலத்தைப் பஞ்சில் நனைத்துக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, நல்ல வெளிச்சத்தில் வெறுங்கண்ணால் பார்க்கிறார்கள். இயல்பான பகுதி இளஞ்சிவப்பாகவே இருக்கும். செல்கள் மாறியிருக்கும் இடம் வெண்மையான திட்டாகத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே இதைச் செய்யலாம், ஆய்வகம் தேவையில்லை, முடிவு அங்கேயே தெரிந்துவிடும். இந்தியாவில் 2016-இல் வெளியான அரசு வழிகாட்டுதலின்படி, 30 முதல் 65 வயது வரையுள்ள பெண்களுக்கு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை இச்சோதனை செய்யப்பட வேண்டும்.

வெண்திட்டு தெரிந்தால் புற்றுநோய் என்று பொருள் அல்ல. தொற்றினால் ஏற்பட்ட அழற்சியும், இயல்பாக வளர்ந்துவரும் இளந்திசுவும்கூட வெண்மையாகத் தெரியலாம். வெண்திட்டு உள்ளவர்களில் சிலருக்கு எதுவும் இருக்காது. சிலருக்குப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருக்கும். மிகச் சிலருக்கே புற்றுநோய் இருக்கும். இம்மூன்றில் எது என்பதைப் பிரித்தறிய, கருப்பைவாயைப் பெரிதாக்கிக் காட்டும் கோல்போஸ்கோப் என்ற கருவியால் பார்க்க வேண்டும். தேவைப்பட்டால் ஒரு துணுக்குத் திசுவை எடுத்து ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். தொடர் கடிதம் அழைப்பது இந்த இரண்டாம் படிக்குத்தான்.

திண்டுக்கல் ஆய்வு காட்டியது

விஐஏ சோதனை உயிரைக் காக்குமா என்ற கேள்விக்கு உலகுக்கு விடை தந்த முக்கியமான ஆய்வுகளில் ஒன்று, மதுரைக்கு அடுத்துள்ள திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. அம்பிளிக்கையில் உள்ள கிறித்தவ நலவாழ்வு மையமும் சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமும், பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இதில் சேர்ந்து பணியாற்றின. முடிவுகள் 2007-இல் லான்செட் இதழில் வெளிவந்தன.

2000 முதல் 2003 வரை 30–59 வயதுப் பெண்கள் 31,343 பேருக்குச் சோதனை செய்யப்பட்டது. அவர்களில் 3,088 பேருக்கு, அதாவது ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, மாற்றம் தெரிந்தது. அந்த 3,088 பேரில் 3,052 பேர் கோல்போஸ்கோபி செய்துகொண்டார்கள். விடுபட்டவர்கள் 36 பேர் மட்டுமே. சோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில், அழைக்கப்படாத பகுதிகளைவிடப் புற்றுநோய் 25 விழுக்காடும் அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன.

36 பேர் மட்டுமே விடுபட்டதற்குக் காரணம் நல்ல கடிதம் அல்ல. சோதனை செய்த அதே வருகையிலேயே, அதே செவிலியர் கோல்போஸ்கோபியையும் செய்தார், திசுவையும் எடுத்தார், பொருத்தமானவர்களுக்குக் குளிரூட்டி அழிக்கும் சிகிச்சையையும் அங்கேயே கொடுத்தார். இன்னொரு நாள் வரவேண்டிய தேவையே பெரும்பாலோருக்கு எழவில்லை.

அதே ஆய்வின் இன்னோர் எண் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் 1,874 பேருக்கு இருந்தது. அவர்களில் சிகிச்சை பெற்றவர்கள் 72 விழுக்காட்டினர். எஞ்சியவர்கள் 500-க்கும் மேல். நன்றாகத் திட்டமிட்டு, பணியாளர்களும் வாகனமும் வைத்து நடத்திய ஆய்விலேயே சோதனைக்கும் சிகிச்சைக்கும் இடையில் இத்தனை பேர் நின்றுவிட்டார்கள். சோதனை ஓரிடத்திலும் கோல்போஸ்கோபி வேறோரிடத்திலும் வேறொரு நாளிலும் நடக்கும் சாதாரண ஏற்பாட்டில் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகும். தொடர் கடிதம் பிறப்பது இந்த இடைவெளியில்தான்.

வராமல் விட்டால் என்ன ஆகும்

கடிதத்தில் என்ன சொல்வது, எவ்வளவு அவசரமாகச் சொல்வது என்பது இந்தக் கேள்வியின் விடையைப் பொறுத்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணம் எச்பிவி என்ற வைரசின் சில வகைகள். தொற்று ஏற்பட்டு, அது நீங்காமல் தங்கி, செல்கள் மாறி, புற்றுநோயாவதற்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் ஆகின்றன. எச்ஐவி தொற்றுக்குச் சிகிச்சை பெறாதவர்களிடம் இது 5 முதல் 10 ஆண்டுகளாகச் சுருங்கலாம். தொடக்க நிலை மாற்றங்கள் பல தாமாகவே மறைந்துவிடுகின்றன.

முற்றிய மாற்றத்தைச் சிகிச்சையின்றி விட்டால் என்ன ஆகும் என்பது நியூசிலாந்தில் நடந்த ஒரு தவற்றினால் தெரியவந்தது. ஆக்லாந்து தேசிய மகளிர் மருத்துவமனையில் 1966 முதல், இத்தகைய மாற்றம் இருந்த பெண்கள் சிலருக்கு உரிய சிகிச்சை தராமல் கண்காணிப்பு மட்டுமே செய்தார்கள். அந்தப் பெண்களுக்கு இது தெரிவிக்கப்படவில்லை. 1987-இல் இதழ்க் கட்டுரை ஒன்று இதை வெளிக்கொண்டுவந்தது. நீதிபதி கார்ட்ரைட் தலைமையிலான விசாரணையின் அறிக்கை 1988-இல் வெளியானது. பின்னர் அந்த மருத்துவமனையின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, திசுத் துணுக்கு மட்டும் எடுக்கப்பட்டு விடப்பட்ட 143 பெண்களில் 30 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்குப் புற்றுநோய் ஏற்பட்டது தெரிந்தது. முறையான சிகிச்சை பெற்றவர்களிடம் இது 1 விழுக்காட்டுக்கும் குறைவு.

இதிலிருந்து கடிதம் எழுதுபவர் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, சில வாரத் தாமதத்தால் பெரும்பாலோருக்குக் கேடு நேராது. ஆகவே அச்சுறுத்தத் தேவையில்லை. இரண்டாவது, எப்போதாவது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடவும் கூடாது; முற்றிய மாற்றம் யாருக்கு இருக்கிறது என்பது கோல்போஸ்கோபி செய்யும்வரை யாருக்கும் தெரியாது. கடிதத்தின் தொனி இவ்விரண்டுக்கும் நடுவில் அமைய வேண்டும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. சோதனையின்போதே புண்ணோ, தொட்டால் இரத்தம் கசியும் வளர்ச்சியோ தெரிந்து, புற்றுநோய் என்ற ஐயம் எழுந்திருந்தால் கடிதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. அவரை அன்றே உடன் அழைத்துச் சென்று பெரிய மருத்துவமனையில் காட்ட வேண்டும். அவர் போகவில்லை என்று தெரிந்தால் ஓரிரு நாளில் வீட்டுக்கு ஆள் போக வேண்டும்.

ஏன் வரவில்லை

வராதவரைப் பொறுப்பற்றவர் என்று எண்ணி எழுதும் கடிதம் வீணாகும். காரணங்கள் பெரும்பாலும் எளிமையானவை. வலியோ இரத்தப்போக்கோ இல்லாததால் தனக்கு ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது. குறித்த நாளில் மாதவிலக்கு வந்துவிடுகிறது. போகலாமா கூடாதா என்று கேட்க ஆளில்லை. ஒரு நாள் கூலி போய்விடும். துணைக்கு வர யாருமில்லை. சோதனையின்போது கூச்சமாகவோ வலியாகவோ இருந்திருக்கிறது. புற்றுநோய் என்ற சொல் காதில் விழுந்ததும் மற்ற எதுவும் மனதில் பதியவில்லை. சிலர் கருப்பையையே எடுத்துவிடுவார்கள் என்று அஞ்சுகிறார்கள்.

மருத்துவமனையின் பக்கத்துக் காரணங்களும் உண்டு. தேதி சீட்டில் எழுதப்படாமல் வாயால் மட்டும் சொல்லப்பட்டிருக்கலாம். வந்தவரை மருத்துவர் இல்லை என்று திருப்பி அனுப்பியிருக்கலாம். கொடுத்த தேதியே பொருந்தாததாக இருக்கலாம். மதுரையில் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு, சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள். அரசு இராசாசி மருத்துவமனை வைகையின் வடகரையில் கோரிப்பாளையத்தில் இருக்கிறது. வில்லாபுரம் தென்கரையில், அவனியாபுரம் போகும் வழியில் இருக்கிறது. அன்று தென்கரையிலிருந்து கோரிப்பாளையம் பக்கம் போய்ச் சேர்வது எவ்வளவு கடினம் என்பது மதுரையில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தேதியில் வராதவரை மறுத்தவர் என்று பதிவேட்டில் எழுதுவது பிழை.

எழுதுவதற்கு முன்

கடிதத்துக்கு முன் மூன்று செய்திகளைச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவது, அவர் உண்மையிலேயே வரவில்லையா என்பது. வேறு மருத்துவமனையில் பார்த்திருக்கலாம். கோல்போஸ்கோபிப் பதிவேட்டில் அவர் பெயர் வேறு எழுத்துகளில், அல்லது தந்தை பெயரை முன்னெழுத்தாகக் கொண்டு இருக்கலாம். பெயரை மட்டும் வைத்துத் தேடாமல் வயது, சோதனை எண், கைப்பேசி எண் ஆகியவற்றோடு ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, முடிவு அவருடையதுதானா என்பது. ஒரே முகாமில் ஒரே பெயரில் இருவர் சோதனை செய்துகொண்டிருந்தால் முடிவு மாறிப் போகலாம். மாற்றம் இல்லாதவருக்குக் கடிதம் போனால் வீண் அச்சம். அதைவிடக் கேடானது, மாற்றம் உள்ளவருக்குக் கடிதமே போகாமல் இருப்பது.

மூன்றாவது, அவரை எப்படித் தொடர்புகொள்ளலாம் என்பது. இதைச் சோதனை நாளிலேயே கேட்டு எழுதிவைத்திருக்க வேண்டும். கொடுத்த கைப்பேசி யாருடையது? எந்த நேரத்தில் அழைத்தால் அவரே எடுப்பார்? வீட்டுக்குக் கடிதம் வரலாமா? கடிதத்தை அவரே படிப்பாரா, வேறொருவர் படித்துக் காட்டுவாரா? இக்கேள்விகள் கேட்கப்படாவிட்டால், எண் கணவருடையதாகவும், கடிதத்தை உரக்கப் படிப்பவர் பள்ளிக்குப் போகும் மகனாகவும் இருக்கக்கூடும்.

கைப்பேசியில் அழைக்க முடிந்தால் அதுவே முதல் படி. வேறு யாரேனும் எடுத்தால் எந்தச் சோதனை என்றோ என்ன முடிவு என்றோ சொல்லக் கூடாது. 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் குழும நடத்தை விதிகள், நோயாளியைப் பற்றித் தொழில்முறையில் அறிந்ததை மருத்துவர் வெளியிடக் கூடாது என்கின்றன. கணவரும் மாமியாரும் இதற்கு விலக்கல்லர். வெவ்வேறு நாளில், வெவ்வேறு நேரத்தில் அழைத்தும் அவரிடம் பேச முடியாவிட்டால் கடிதம் எழுதப்படுகிறது.

மாதிரிக் கடிதம்

கற்பனையான நேர்வு இது. வில்லாபுரத்தில் வசிக்கும் 38 வயதுப் பெண் ஒருவர், 2024 ஏப்ரல் 8 அன்று வீட்டுக்கு அருகிலுள்ள சிறிய மருத்துவமனையில் சோதனை செய்துகொண்டார். வெண்திட்டு தெரிந்தது, புற்றுநோய் ஐயம் இல்லை. கோல்போஸ்கோபிக்கு ஏப்ரல் 23 என்று தேதி கொடுக்கப்பட்டது. அன்று அழகர் ஆற்றில் இறங்கும் நாள் என்பதைத் தேதி குறித்தவர் கவனிக்கவில்லை. அவர் வரவில்லை. கைப்பேசியில் அழைத்தபோது இருமுறையும் வேறொருவர் எடுத்தார். தமிழ் படிக்கத் தெரியும், வீட்டுக்குக் கடிதம் அனுப்பலாம் என்று சோதனை நாளில் அவர் சொல்லியிருந்தார். மே 13 அன்று கடிதம் எழுதப்படுகிறது.

“அம்மா, வணக்கம்.

ஏப்ரல் 8 அன்று எங்கள் மருத்துவமனையில் உங்களுக்குச் செய்த கருப்பைவாய்ச் சோதனையில் ஒரு வெண்திட்டு தெரிந்தது. இதனால் உங்களுக்குப் புற்றுநோய் என்று பொருள் அல்ல. ஆனாலும் அது என்ன என்பதைப் பெரிதாக்கிக் காட்டும் கருவியால் ஒருமுறை பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

அதற்கு உங்களுக்கு ஏப்ரல் 23-ஆம் தேதியைக் கொடுத்திருந்தோம். அது அழகர் ஆற்றில் இறங்கிய நாள். அந்தத் தேதியைக் குறித்தது எங்கள் தவறு. இப்போது மே 27, திங்கட்கிழமை காலை 10 மணிக்கு உங்களுக்காக நேரம் ஒதுக்கியிருக்கிறோம். எங்கள் மருத்துவமனைக்கு 9 மணிக்கு வந்தால் செவிலியர் ஒருவர் உங்களைப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வார்.

பரிசோதனைக்குச் சுமார் 20 நிமிடம் ஆகும். மயக்க மருந்து கிடையாது. தேவைப்பட்டால் அரிசியளவு சதை எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். அப்போது கிள்ளுவது போல இருக்கும். அன்றே வீட்டுக்குத் திரும்பலாம்.

உங்களுக்கு வலியோ வேறு தொந்தரவோ இல்லாவிட்டாலும் வாருங்கள். இத்தகைய மாற்றம் தொந்தரவு தராமலே இருக்கும். சிலருக்கு அது தானாக மறைந்துவிடும். சிலருக்குக் கவனிக்காமல் விட்டால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாக மாறலாம். இப்போதே பார்த்துவிட்டால் பெரும்பாலும் கருப்பையை எடுக்காமலே எளிய சிகிச்சையில் சரிசெய்யலாம்.

அன்று மாதவிலக்கு இருந்தாலோ, வேலையை விட்டு வர முடியாவிட்டாலோ செவிலியரை அழையுங்கள். வேறு தேதி தருகிறோம். நீங்கள் கர்ப்பமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். வேறு மருத்துவமனையில் பார்த்துவிட்டீர்கள் என்றால் எங்களுக்குத் தெரிவித்தால் போதும். வர விருப்பமில்லை என்றாலும் ஒருமுறை பேசுங்கள்.

இரத்தப்போக்கு இருந்தால் மே 27 வரை காத்திருக்காமல் உடனே வாருங்கள்.”

கீழே செவிலியரின் பெயர், கைப்பேசி எண், அழைக்கக்கூடிய நேரம், மருத்துவரின் கையொப்பம் ஆகியவை இருக்கும்.

கடிதம் எப்படி வேலை செய்கிறது

இக்கடிதத்தில் முதலில் வருவது தவறிய தேதி அல்ல. என்ன தெரிந்தது என்பது. பல மருத்துவமனைக் கடிதங்கள் “தாங்கள் குறித்த தேதியில் வருகை தரத் தவறியமையால்” என்றுதான் தொடங்குகின்றன. அது நீதிமன்ற அழைப்பாணை போல ஒலிக்கிறது. படிப்பவர் குற்றவாளியாக உணர்கிறார். ஏன் வரவேண்டும் என்பது கடைசிவரை தெளிவாவதில்லை.

புற்றுநோய் என்ற சொல்லை முழுவதுமாகத் தவிர்த்தால் கடிதம் மென்மையாகும் என்று தோன்றலாம். அப்போது “சிறு மேல்பரிசோதனை” என்பது போன்ற சொற்கள் வரும். படிப்பவருக்கு வரவேண்டிய காரணம் இருக்காது. மாதிரிக் கடிதம் அச்சொல்லை இரண்டு இடங்களில் மட்டும் பயன்படுத்துகிறது. முதலில், இப்போது அது என்று பொருளல்ல எனச் சொல்ல. பிறகு, விட்டால் சிலருக்கு அப்படி ஆகலாம் எனச் சொல்ல. இரண்டும் உண்மை. ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் சொன்னால் கடிதம் பொய்யாகிவிடும்.

வராததற்கான காரணங்களுக்கும் கடிதத்தில் விடை இருக்கிறது. தொந்தரவு இல்லை என்பவருக்கு ஒரு வாக்கியம், கூலி போகும் என்பவருக்கு 20 நிமிடம் என்ற கணக்கு, கருப்பையை எடுப்பார்கள் என்று அஞ்சுபவருக்கு ஒரு வாக்கியம், மாதவிலக்குக்கும் கர்ப்பத்துக்கும் ஒவ்வொன்று. ஆற்றைக் கடந்து போகத் துணையில்லை என்பவருக்குச் செவிலியர் உடன் வருவார் என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். அது வெறும் சொல்லாக இல்லாமல் அன்று காலை 9 மணிக்கு ஒரு செவிலியர் உண்மையிலேயே காத்திருக்க வேண்டும்.

“வர விருப்பமில்லை என்றாலும்” என்ற வாக்கியம் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். மறுப்பது நோயாளியின் உரிமை. ஆனால் மறுப்பைச் சொல்ல வழியில்லாதவர் பதில் சொல்லாமலே இருந்துவிடுவார். மறுப்பதற்கும் தவறவிடுவதற்கும் உள்ள வேறுபாடு பேசினால்தான் தெரியும். பேசும்போது மறுப்பு பெரும்பாலும் அச்சமாகவோ தவறான புரிதலாகவோ இருப்பது வெளிப்படும்.

உறையும் அஞ்சலும்

கடிதத்துக்குள் சோதனையின் பெயர் இருப்பதால் உறை கவனமாக அமைய வேண்டும். உறையின் மேல் புற்றுநோய்ப் பிரிவு, மகளிர் நோய்ப் பிரிவு என்ற முத்திரை இருக்கக் கூடாது. அஞ்சலட்டை கூடவே கூடாது. அனுப்புநர் முகவரியாக மருத்துவமனையின் முகவரி மட்டும் போதும். குடியிருப்புகளில் ஒரே தெருவில் பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் கலந்து கிடப்பதால் இரண்டையும் எழுதுவது நல்லது. வாடகை வீட்டில் இருப்பவர் மாறிப் போயிருக்கலாம்.

கடிதத்தை வேறொருவர்தான் படித்துக் காட்டுவார் என்று தெரிந்திருந்தால் உள்ளடக்கம் மாற வேண்டும். அப்போது சோதனை பற்றிய செய்தியை விட்டுவிட்டு, “ஏப்ரல் 8 அன்று எங்களிடம் வந்தது தொடர்பாக உங்களோடு நேரில் பேச வேண்டும், செவிலியரை அழையுங்கள்” என்று மட்டும் எழுதுவதே சரி. இத்தகைய கடிதம் வலுவில்லாதது. காரணம் சொல்லாத அழைப்புக்குப் பலர் வருவதில்லை. ஆகவே இதற்குப் பின் வீட்டுக்கு ஆள் போவதை முன்னரே திட்டமிட வேண்டும்.

பெறுநர் கையொப்பமிட்டு வாங்கும் அஞ்சலில் அனுப்பினால் கடிதம் போய்ச் சேர்ந்ததா, திரும்பி வந்ததா என்பது தெரியும். முன்பு இதற்குப் பயன்பட்ட பதிவுத் தபால், 2025-இல் விரைவு அஞ்சலுடன் இணைக்கப்பட்டது. கையொப்பம் கிடைத்தால் கடிதம் அந்த வீட்டை அடைந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. அந்தப் பெண் படித்தார் என்பதற்குச் சான்றாகாது.

பதில் வராவிட்டால்

மே 27 அன்றும் அவர் வரவில்லை என்று கொள்வோம். இன்னொரு கடிதத்தை அதே சொற்களில் அனுப்புவதால் பெரிதாக ஒன்றும் மாறாது. அடுத்த படி, அந்தப் பகுதிக்கு வழக்கமாகப் போய்வரும் செவிலியரோ நலப் பணியாளரோ நேரில் பார்ப்பது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றுக்கு மருந்து கொடுக்கப் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் செல்கிறார்கள். அவ்வாறு வழக்கமாக வரும் ஒருவர் வாசலில் நின்றால் அக்கம்பக்கத்தார் ஐயுற மாட்டார்கள். வீட்டில் மற்றவர்கள் இருந்தால் இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, தனியே பேச ஒரு நேரம் கேட்டு வரலாம்.

ஒவ்வொரு முயற்சியும் நோயாளியின் பதிவில் தேதியோடு எழுதப்பட வேண்டும்: அழைத்த நேரம், எடுத்தவர் யார், கடிதம் அனுப்பிய நாள், அதன் படி, திரும்பிய உறை, வீட்டுக்குப் போனவர் கண்டது. மேற்சொன்ன 2002 விதிகளின்படி பதிவுகளைக் குறைந்தது 3 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஆனால் இந்த நோய் வளர எடுக்கும் காலம் அதைவிடப் பல மடங்கு. எனவே மாற்றம் தெரிந்து முடிவு தெரியாதவர்களின் பெயரை அக்கால எல்லைக்குப் பிறகும் வைத்திருப்பதே நல்லது. ஐந்து ஆண்டு கழித்து அவர் காய்ச்சலுக்காக வந்தால்கூட அந்தப் பழைய குறிப்பு கண்ணில் பட வேண்டும்.

இவையெல்லாம் நடக்க, வராதவர்களின் பட்டியல் தானாகக் கிடைக்க வேண்டும். பல பதிவேடுகளில் சோதனை நாள், முடிவு, அனுப்பிய இடம் ஆகிய பத்திகள் இருக்கும். போய்ச் சேர்ந்தாரா என்ற பத்தி இருக்காது. அந்தப் பத்தி இல்லாத பதிவேட்டில், வந்தவரும் வராதவரும் ஒன்றாகவே தெரிவார்கள். பிரிட்டனில் 1988-இல் கருப்பைவாய்ச் சோதனைக்குக் கணினிவழி அழைப்பும் மறு அழைப்பும் ஏற்படுத்தப்பட்டதற்குப் பிறகே அங்கே சோதனைக்கு வருவோர் எண்ணிக்கை பெருமளவு உயர்ந்தது. சிறிய மருத்துவமனைக்குக் கணினி தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள், குறித்த ஒருவர், வெறுமையாக உள்ள கட்டங்களைப் பார்த்துப் பெயர்களை எழுதி எடுத்தால் போதும்.

கடிதத்தின் எல்லை

உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் தொடங்கிய கருப்பைவாய்ப் புற்றுநோய் ஒழிப்புத் திட்டம் 2030-க்குள் அடைய மூன்று இலக்குகளை வைத்தது: 15 வயதுக்குள் 90 விழுக்காடு சிறுமியருக்கு எச்பிவி தடுப்பூசி, 35 வயதிலும் 45 வயதிலும் 70 விழுக்காடு பெண்களுக்குத் தரமான சோதனை, மாற்றம் கண்டறியப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை. தொடர் கடிதம் மூன்றாம் இலக்கைச் சேர்ந்தது. எத்தனை பேருக்குச் சோதனை செய்தோம் என்பதை மட்டும் எண்ணும் மருத்துவமனை, மூன்றாம் இலக்கில் எங்கே நிற்கிறது என்பதை அறியாது.

கடிதத்தால் முடியாதவையும் உண்டு. வீடு மாறிப் போனவரை அது அடையாது. கூலியையும் பேருந்துச் செலவையும் அது ஈடுசெய்யாது. முதல் சோதனையில் மரியாதையின்றி நடத்தப்பட்டவரை மனம் மாற்றுவதும் கடினம். திண்டுக்கல்லில் செய்ததுபோல ஒரே வருகையில் பார்த்து முடிப்பதே கடிதத்தின் தேவையைக் குறைக்கும் வழி. அது இயலாத இடங்களில், வில்லாபுரத்துப் பெண்ணுக்கு எழுதியது போன்ற கடிதமும், அதற்குப் பின் வாசலுக்கு வரும் ஒரு செவிலியரும், வெறுமையாக இருக்கும் ஒரு கட்டத்தைக் கவனித்து நிரப்பும் ஒருவரும் சேர்ந்தே அந்த இடைவெளியை மூட வேண்டியிருக்கிறது.